பி-வேல்யூ 0.02 வந்திருக்கு, ஆனா அது எத்தனையாவது ரெக்ரஷன்?

வணக்கம்மா,

டிராஃப்ட் படிச்சேன், ஸ்கிரிப்ட் ஃபோல்டரையும் திறந்து பாத்தேன். என்.எஸ்.எஸ்.ங்கற தேசிய மாதிரி சர்வேயோட 2004-05, 2007-08 ரவுண்டுகள ஒப்பிட்டா, நூறு நாள் வேலைத் திட்டம் முதல்ல வந்த மாவட்டங்கள்ல 15லேர்ந்து 17 வயசுப் பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போறது 5.8 பர்சென்டேஜ் பாயின்ட் குறைஞ்சிருக்கு, ஸ்டாண்டர்ட் எரர் 2.5, பி-வேல்யூ 0.02. அம்மா வேலைக்குப் போனா வீட்டு வேலை பொண்ணு தலையில விழுதுன்னு விளக்கமும் எழுதியிருக்க. படிக்கறவங்க கண்டிப்பா நிமிந்து உக்காருவாங்க, நானும் உக்காந்தேன், அதுக்கப்புறம்தான் ஃபோல்டர்ல `main_v3.R`, `main_v7_age.R`, `main_v7_age_nophase2.R`னு வரிசையா இருந்ததப் பாத்தேன்.

நீ ஏமாத்தினன்னு சொல்ல வரல, அத முதல்லயே சொல்லிடறேன். ஒவ்வொரு மாத்தத்துக்கும் உன்கிட்ட ஒரு காரணம் இருந்திருக்கும்னு தெரியும். சிக்கலே அங்கதான், ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கறதால மொத்தமா எத்தனை வழி போய்ப் பாத்தோம்னு நமக்கே தெரியாம போயிடுது. மோட்டார் ரிப்பேர் பாக்கற மாதிரி அறிகுறி அறிகுறியா போவோம், எங்க என்ன தெரியுது, அதுக்கு எதத் திறந்து பாக்கணும்னு.

அறிகுறி: எத்தனை ஓட்டினேன்னு கேட்டா நம்பர் சொல்ல வரல

டிராஃப்ட் டேபிள்ல இருக்கறது 4 ரெக்ரஷன். ஸ்கிரிப்ட்ல கமென்ட் போட்டு மறைச்சு வச்சதெல்லாம் சேத்து எண்ணினா கத வேற. எண்ணற முறை இதுதான்: ஓட்டின ரெக்ரஷன எண்ணாத, நீ எடுத்த முடிவுகள எண்ணு. எங்கெல்லாம் "இப்படியும் பண்ணலாம், அப்படியும் பண்ணலாம்"னு நின்னியோ அதெல்லாம் ஒரு கிளை. உன் ஃபைல்கள்ல நான் பாத்தது: வயசு மூணு விதம் (15–17, 14–17, 15–18). ட்ரீட்மென்ட் ரெண்டு விதம், 2006 பிப்ரவரில ஆரம்பிச்ச முதல் கட்டம் 200 மாவட்டத்த மட்டும் வச்சு ரெண்டாம் கட்டத்தத் தூக்கிடறது ஒண்ணு, 2007ல சேந்த 130ஐயும் கூட்டி 330ஆ வைக்கறது இன்னொண்ணு. 2008 ஏப்ரல்-ஜூன் காலாண்ட வைக்கறதா எடுக்கறதா, அது ரெண்டு. சர்வேல படிக்கறவங்களுக்கான கோட் 91, அத போன ஒரு வருஷத்தக் கேக்கற பிரின்சிபல் ஸ்டேட்டஸ்ல எடுக்கறதா போன ஒரு வாரத்தக் கேக்கற வீக்லி ஸ்டேட்டஸ்ல எடுக்கறதா, ரெண்டு. கன்ட்ரோல் மூணு விதம், வெயிட் போட்டது போடாதது ரெண்டு. பெருக்கிப் பாரு, 3 × 2 × 2 × 2 × 3 × 2, 144 வருது.

"சார் நான் 144ம் ஓட்டல, ஒரு இருபதுதான் ஓட்டியிருப்பேன்"னு சொல்லுவ. சரி, ஆனா அந்த இருபதுல அடுத்தது எதுன்னு முடிவு பண்ணினது முந்தினதுல வந்த ரிசல்ட்டப் பாத்துதானே? பிரின்சிபல் ஸ்டேட்டஸ்ல பி-வேல்யூ 0.05க்குக் கீழ போய் ஸ்டார் வந்ததும் நின்னுட்ட, வரலன்னா வீக்லிக்குப் போயிருப்ப. அதனால போகாத கிளையும் கணக்குல உண்டு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட்னா, உண்மையில எஃபெக்டே இல்லாட்டியும் ஒண்ணுலயாவது 0.05க்குக் கீழ வர வாய்ப்பு 64 சதவீதம். உன்னுது ஒரே டேட்டா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும், அதனால அவ்வளவு மோசமா இருக்காது, ஆனா 5 சதவீதம் கிட்டயும் இருக்காது. 2011ல சைக்காலஜிக்காரங்க மூணு பேர் சிமுலேஷன் பண்ணிக் காட்டினாங்க, ரெண்டு அவுட்கம்ல எதையும் எடுத்துக்கலாம், சாம்பிள் கொஞ்சம் கூட்டிக்கலாம், ஒரு கன்ட்ரோல் சேக்கலாம், ஒரு குரூப்ப விட்டுடலாம், இப்படி நாலே நாலு சலுகை குடுத்தாலே இல்லாத எஃபெக்ட் 61 சதவீத தடவை சிக்னிஃபிகன்ட்டா வந்துடுது. உனக்கு இருக்கறது ஆறு சலுகை.

144ஐயும் ஒரு லூப்ல போட்டு நானே ஓட்டினேன். 0.05க்குக் கீழ வந்தது 9. எஃபெக்ட் எதுவுமே இல்லன்னா சராசரியா எதிர்பாக்கறது 144ல 5 சதவீதம், அதாவது ஏழு சொச்சம்.

அறிகுறி: ஒரு வயசு தள்ளினா நம்பர் பாதியாகுது

அந்த 9ம் 15–17லதான் இருக்கு, வேற எந்த வயசு விதத்துலயும் ஒண்ணு கூட இல்ல. 14–17னு மாத்தினா −5.8ங்கறது −2.5 ஆகுது. இத "ரோபஸ்ட் இல்ல"ன்னு ஒரு வரில தள்ளிட்டுப் போயிடுவாங்க, நீ அப்படிப் பண்ணாத, அந்த மாத்தம் உண்மையா இருக்கணும்னா உள்ள என்ன நடந்திருக்கணும்னு கணக்குப் போடு. 14–17ல 14 வயசுக்காரங்க கிட்டத்தட்ட கால்வாசி. முக்கால்வாசிப் பேருக்கு −5.8, மொத்தத்துக்கு −2.5னா, மிச்ச கால்வாசிக்கு எவ்வளவு இருக்கணும்? சுமாரா +7. அதாவது நூறு நாள் வேலை வந்ததால 15 வயசுப் பொண்ணு படிப்ப விடறா, ஆனா அதே வீட்ல 14 வயசுப் பொண்ணு இருந்தா அவ கூடுதலா போறா! இதுக்கு நீ எந்த விளக்கம் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

வயசுல இன்னொண்ணும் இருக்கு. நம்ம ஊர் சர்வேல வயசு கேட்டா "ஒரு பதினஞ்சு இருக்கும்", "பதினெட்டு ஆச்சு"ன்னுதான் பதில் வரும். ஒவ்வொரு வயசுலயும் எத்தனை பேர்னு ஒரு பார் போட்டுப் பாரு, 15லயும் 18லயும் தூக்கும், 14, 17ல பள்ளம் விழும். அந்தக் குவியல் ரெண்டு ரவுண்டுலயும் ஒரே மாதிரி இல்லன்னா வயசு எல்லையிலேயே நம்பர் குதிக்கும், அதுக்கும் திட்டத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

அறிகுறி: கிளைன்னு நெனச்சது உண்மையில தப்பு

எல்லா மாத்தமும் கிளை இல்லம்மா. சிலது வெறும் பக். ரெண்டையும் பிரிக்கணும், ஏன்னா பக்க "ஆல்டர்னேடிவ் ஸ்பெசிஃபிகேஷன்"னு டேபிள்ல போட்டா எண்ணிக்கைதான் ஊதும்.

உன்னோட காலாண்டு விஷயம் அப்படிப்பட்டது. 64வது ரவுண்டு ஓடினது 2007 ஜூலைலேர்ந்து 2008 ஜூன் வரைக்கும். மூணாம் கட்ட மாவட்டங்களுக்குத் திட்டம் வந்தது 2008 ஏப்ரல். அப்போ கடைசி மூணு மாசம் உன் கன்ட்ரோல் குரூப்பே திட்டத்துக்குள்ள வந்துடுச்சு, அத வைக்கறது தப்பு. நீ அது தெரிஞ்சு எடுத்துட்ட, நல்லது, ஆனா 64ல மட்டும் எடுத்துட்டு 61வது ரவுண்டுல, அதாவது 2004-05ல, ஏப்ரல்-ஜூன அப்படியே விட்டுட்ட. அந்த மூணு மாசம் எது? பரீட்ச முடிஞ்சு, லீவு விட்டு, பத்தாவது ரிசல்ட் வந்து, படிப்பு நிக்கறதா தொடர்றதான்னு வீட்ல முடிவாகற நேரம். ஒரு பக்கம் அது இருக்கு, இன்னொரு பக்கம் இல்லன்னா நீ ஒப்பிடறது திட்டத்த இல்ல, சீசன. உன் லூப்ல இருக்கற ரெண்டு விதமுமே தப்பு, ரெண்டு ரவுண்டுலயும் அந்தக் காலாண்ட எடுக்கறதுதான் ஒரே வழி. 144 அங்கயே 72 ஆயிடுது.

அதே மாதிரி கன்ட்ரோலே இல்லாத விதம். மாவட்டங்களக் கட்டத்துல போட்டது பின்தங்கின நிலைய வச்சு, அதுவும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பங்கு குடுத்து. அப்போ மாநிலமும் காலமும் சேந்த ஃபிக்ஸட் எஃபெக்ட் இல்லாம ஓட்டினா பீகாரோட போக்கயும் கேரளாவோட போக்கயும் ஒண்ணா கலக்கற மாதிரி. அதத் தூக்கிடு, அந்த ஃபிக்ஸட் எஃபெக்ட்ட மிச்ச ரெண்டு விதத்துலயும் வை, குடும்ப விவரம் சேத்தது ஒண்ணு சேக்காதது ஒண்ணு. 72ல மூணுல ரெண்டு பங்கு, 48.

பிரின்சிபலா வீக்லியாங்கறது மட்டும் நிஜக் கிளை. பிரின்சிபல் ஸ்டேட்டஸ் போன 365 நாளக் கேக்குது, 2007 ஜூலைல பேட்டி எடுத்த ரெண்டாம் கட்ட மாவட்டத்துல அந்த 365 நாள்ல பெரும்பகுதி திட்டம் வர்றதுக்கு முன்னாடி. வீக்லில அந்தச் சிக்கல் இல்ல, ஆனா ஒரு வாரம்ங்கறதால ஆட்டம் அதிகம். ரெண்டுக்கும் நியாயம் இருக்கு, ரெண்டும் இருக்கட்டும்.

இந்த 48ல திரும்ப ஓட்டினேன். உன்னோட ஹெட்லைன் செல், அதே 15–17, அதே முதல் கட்டம், −4.9 ஆச்சு, ஸ்டாண்டர்ட் எரர் 2.6, பி-வேல்யூ 0.06. 0.05க்குக் கீழ இருக்கறது ரெண்டு, சும்மா வரக்கூடியதும் ரெண்டு சொச்சம்தான். 48க்கும் நடு மதிப்பு −1.2.

அறிகுறி: எஃபெக்ட் ரொம்பப் பெருசா இருக்கு, அதுவே சந்தோஷமா இருக்கு

இதுதான் எனக்கு முதல்ல உறுத்தினது. ஸ்டாண்டர்ட் எரர் 2.5னா, 0.05 தாண்டறதுக்கு நம்பர் குறைஞ்சது 4.9 இருந்தாகணும். அதுக்குக் கீழ எது வந்தாலும் நீ டேபிள்ல போட்டிருக்க மாட்ட. இப்போ உண்மையான எஃபெக்ட் 1 பாயின்ட்னு வச்சுக்கோ, வருஷத்துக்கு அதிகபட்சம் 100 நாள், நிஜத்துல அதுல கொஞ்சம்தான் கிடைச்ச ஒரு வேலைக்கு அதுவே அதிகம்னு நான் நெனப்பேன். அப்போ உன் டிசைன் அதப் பிடிக்க வாய்ப்பு சுமார் 7 சதவீதம். பிடிச்சாலும் குறைஞ்சது அஞ்சு மடங்கு ஊதின நம்பராதான் பிடிக்கும், எட்டுல ஒண்ணு கிட்டத்தட்ட எதிர்த் திசையில வரும். அதனால இந்த அளவு சாம்பிள்ல பெரிய எஃபெக்ட் வந்திருக்குன்னா, ஸ்டார் இருக்கறத மட்டும் எடுத்து வச்சதால அது பெருசா தெரியுதுன்னு வாசி. சின்ன வலைல பெரிய மீன்தான் மாட்டுது, ஏரில எல்லா மீனும் பெருசுன்னு அர்த்தமில்ல.

உன் டேபிளுக்குக் கீழ ஒரு வரி எழுதிப் பழகு: "இந்த ஸ்டாண்டர்ட் எரர்ல கண்ணுக்குத் தெரியக்கூடிய குறைஞ்ச எஃபெக்ட் இவ்வளவு". அத எழுதும்போதே பாதி தெரிஞ்சிடும்.

அறிகுறி: கதை ரிசல்ட்டுக்கு அப்புறம் திரும்பிடுச்சு

உன் பழைய புரபோசல எடுத்துப் படிச்சேன். அதுல "குடும்ப வருமானம் கூடும், பொண்ணுங்க படிப்பு கூடும்"னு இருக்கு. இப்போ குறையும்னு இருக்கு, அதுவும் முதல்லேர்ந்தே அப்படித்தான் எதிர்பாத்த மாதிரி. ரெண்டு கதையும் நல்லாதான் இருக்கு, அதுதான் ஆபத்து. கூடினாலும் விளக்கம் ரெடி, குறைஞ்சாலும் விளக்கம் ரெடின்னா நம்பரோட திசை எதையும் சோதிக்கல. புரபோசல்ல இருந்தத இன்ட்ரோல அப்படியே வை, அப்புறம் மாறினதயும் சொல்லு.

விளக்கத்த உண்மையில சோதிக்கணும்னா அதோட அடுத்த படியப் பாரு. வீட்டு வேலை பொண்ணு மேல விழுதுன்னா, படிப்ப விட்டவங்க ஸ்டேட்டஸ் 92, 93ல போய் நிக்கணும், வீட்டு வேலைக்கான கோட் அதுதானே. உன் டேட்டால பாத்தேன், 15–17ல படிப்பு குறைஞ்ச அளவுக்கு அந்த ரெண்டு கோடும் கூடல, பாதி கூட இல்ல, மிச்சம் அங்கங்க சிதறிக் கிடக்கு. கதை சரின்னா அப்படிச் சிதறக் கூடாது.

சோதனை: கட்டத்தக் கலைச்சுப் போட்டு மறுபடி ஓட்டு

மேல சொன்னதெல்லாம் சந்தேகம். இது அளவு. கேள்வி: திட்டத்துக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்லன்னா, 48 வழியும் தேடிப் பாக்கற ஒருத்தருக்கு இவ்வளவு நல்ல பி-வேல்யூ ஒண்ணாவது எத்தனை தடவை கிடைக்கும்? அதுக்கு எந்த மாவட்டம் எந்தக் கட்டம்ங்கறத மாநிலத்துக்குள்ளயே சீட்டு மாதிரி கலைக்கணும், கலைச்ச டேட்டால 48ஐயும் ஓட்டி சின்ன பி-வேல்யூவ எடுக்கணும், இத 1000 தடவை.

```r
real <- min(run_all(d))          # run_all: 48 p-values
fake <- replicate(1000, {
  dm$ph <- ave(dm$phase, dm$state,
               FUN = function(x) x[sample.int(length(x))])
  d2 <- d
  d2$phase <- dm$ph[match(d$dist_id, dm$dist_id)]
  min(run_all(d2))
})
mean(fake <= real)
```

`dm`ங்கறது மாவட்டத்துக்கு ஒரு வரி இருக்கற ஃபைல். ஆளுக்கு ஆள் கலைச்சிடாத, திட்டம் வந்தது மாவட்டத்துக்கு, அதனால மாவட்டம்தான் கலையணும், இல்லன்னா எல்லாமே சிக்னிஃபிகன்ட்டா தெரியும். அப்புறம் மாவட்டப் பேர வச்சு மேட்ச் பண்ணாத. ஔரங்காபாத் பீகார்லயும் இருந்துச்சு மகாராஷ்டிராலயும் இருந்துச்சு, ஹமீர்பூர் உத்தரப் பிரதேசத்துலயும் இருக்கு இமாச்சல்லயும் இருக்கு, பிலாஸ்பூரும் ரெண்டு மாநிலத்துல இருக்கு. மாநிலக் கோடும் மாவட்டக் கோடும் சேத்து `dist_id` பண்ணு. போன வருஷம் ஒரு பையன் இதுல ரெண்டு வாரம் தொலச்சான்.

நம்ம 48ல நிஜ டேட்டால கிடைச்ச சின்ன பி-வேல்யூ 0.03. கலைச்ச 1000 தடவைல 340 தடவை அதே அளவோ அதவிடச் சின்னதோ வந்துச்சு. அதாவது மூணுல ஒரு தடவை, எதுவுமே நடக்காத உலகத்துலயும் உன் கைல இதே மாதிரி ஒரு டிராஃப்ட் இருந்திருக்கும். உன் தேடலுக்கான நேர்மையான பி-வேல்யூ 0.34, 0.02 இல்ல.

இதோட எல்லையும் தெரிஞ்சுக்கோ. கட்டங்கள உண்மையில சீட்டுக் குலுக்கிப் போடல, பின்தங்கினதுக்கு முதல்ல குடுத்தாங்க. அதனால இந்தச் சோதனைல நல்லா வந்திருந்தாலும் "காரணம் திட்டம்தான்"னு சொல்லிட முடியாது, பின்தங்கின மாவட்டங்கள் ஏற்கனவே வேற பாதையில போயிட்டிருந்துச்சான்னு 1999-2000ல எடுத்த 55வது ரவுண்ட வச்சுத் தனியா பாக்கணும். இப்போ அதுக்கு அவசியமே வரல.

சோதனை: ரெண்டு சப்-சாம்பிள்லயும் இருக்கா?

என்.எஸ்.எஸ். டேட்டால ஒரு வசதி இருக்கு, யாரும் பயன்படுத்தறதில்ல. ஒவ்வொரு ரவுண்டும் ரெண்டு தனித்தனி சப்-சாம்பிளா எடுக்கறாங்க, என்.எஸ்.எஸ்.ஸ ஆரம்பிச்ச மஹலனோபிஸ் காலத்து ஏற்பாடு, ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் வரட்டும், ரெண்டும் எவ்வளவு விலகுதோ அதுல பிழை தெரியட்டும்னு. டேட்டால சப்-சாம்பிள் நம்பர் தனி வேரியபிளாவே இருக்கு. உன் ஹெட்லைன் செல்ல ஒவ்வொண்ணுலயும் தனியா ஓட்டு. வெயிட்ட மாத்த மறக்காத, சேத்து ஓட்டும்போது டேட்டால NSS, NSCனு இருக்கற ரெண்டு வேரியபிளும் ஒண்ணா இருந்தா மல்டிப்ளையர 100ஆலயும் இல்லன்னா 200ஆலயும் வகுப்போம், தனி சப்-சாம்பிளுக்கு எல்லாத்தயும் 100ஆல வகு.

நான் ஓட்டினப்போ ஒண்ணுல −9.3, இன்னொண்ணுல −0.6. பாதி சாம்பிள்ங்கறதால ஸ்டாண்டர்ட் எரர் ரெண்டுலயும் 3.7 கிட்ட, அதனால இந்த வித்தியாசம் மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா ஸ்டார் முழுக்க ஒரே பாதிலேர்ந்துதான் வந்துச்சுன்னு தெரியுது. ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்திருந்தாலும் அவசரப்படக் கூடாது, ரெண்டும் அதே மாவட்டம், அதே வருஷம், அந்த மாவட்டத்துல அந்த வருஷம் வறட்சின்னா ரெண்டுலயும் தெரியும். சாம்பிள் ஆட்டத்ததான் இது பிடிக்கும், மாவட்டத்துக்கு வந்த அதிர்ச்சியப் பிடிக்காது.

அடுத்த தடவை, புது டேட்டால, ஒரு சப்-சாம்பிளத் திறக்காமலே வை. முதல்ல ஒண்ணுல என்ன வேணா தேடு, ஒரே ஒரு ஸ்பெசிஃபிகேஷன எழுதி எனக்கு மெயில் பண்ணு, அப்புறம் ரெண்டாவதத் திற. இந்த டேட்டாக்கு அது போச்சு, ரெண்டயும் பாத்துட்ட.

இப்போ டிராஃப்ட என்ன பண்றது

தூக்கிப் போட வேண்டாம். "எஃபெக்ட் இல்ல"ன்னும் எழுதாத, அதுவும் தப்பு, நம்ம டேட்டா பெரிய எஃபெக்ட்ட மட்டும்தான் மறுக்கும், 1 பாயின்ட் கூடுதா குறையுதான்னு சொல்ல அதுக்குத் தெம்பில்ல. 48ஐயும் சின்னதுலேர்ந்து பெருசா ஒரே படத்துல போடு, ஒவ்வொண்ணுக்கும் கீழ எந்த வயசு, எந்தக் கட்டம், எந்த ஸ்டேட்டஸ்னு புள்ளி வை. இந்தப் படத்துக்கு நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. பொண்ணு பேர் வச்ச புயல்ல அதிகம் பேர் சாகறாங்கன்னு 2014ல அமெரிக்கால ஒரு பேப்பர் வந்து பெரிய செய்தியாச்சு, அப்புறம் அதையே நியாயமான 1,728 விதத்துல ஓட்டிப் பாத்தப்போ சிக்னிஃபிகன்ட்டா வந்தது 37. அந்தப் படத்தப் பாத்தா விளக்கமே வேண்டாம்.

மெயின் ஸ்பெசிஃபிகேஷன் ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும்னா என் கருத்து: 14–17, மொத்த 330 மாவட்டம், ரெண்டு ரவுண்டுலயும் ஏப்ரல்-ஜூன் இல்லாம, பிரின்சிபல் ஸ்டேட்டஸ், வெயிட் போட்டு, குடும்ப விவரமும் சேத்து. 14ஐச் சேக்கறதுக்குக் காரணம், ஒன்பதாவது பத்தாவதுலதான் பொண்ணுங்க அதிகம் நிக்கறாங்க, அந்த வயச விட்டுட்டு இந்தக் கேள்விய கேக்கறதே சரியில்ல. நானும் ரிசல்ட்டப் பாத்துட்டுதான் இதச் சொல்றேன், அதனால அதையும் அடிக்குறிப்புல எழுதிடு, "தேர்வு ரிசல்ட் பாத்த பின் செய்தது"ன்னு. கூச்சப்படாத.

15–17ல வந்தத ஒரு பத்தில சொல்லு, தேடினதுல கிடைச்சது, தேடலக் கணக்குல எடுத்தா 0.34, வேற டேட்டால பாக்கணும்னு. டைட்டில்ல "பெண் கல்வியைக் குறைக்கிறதா"ங்கறத எடுத்துடு.

வியாழக்கிழமை மூணு மணிக்கு வா. வரும்போது ரெண்டு ரவுண்டுக்கும் வயசு பார் சார்ட்டும், 92-93 டேபிளும் பிரின்ட் எடுத்துட்டு வா. பழைய `main_v` ஃபைல் எதையும் டிலீட் பண்ணிடாத, தேதியோட ஒரு ஜிப் போட்டு எனக்கும் அனுப்பி வை.